தலைமையாசிரியர் கேட்கும் விளக்கத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: குடியாத்தம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் ஒரு பையன் சரியாக வருவதே இல்லை, காலாண்டில் 22 மார்க். கோபத்தில் வகுப்பிலேயே, "இப்படியே போனா உங்கப்பா மாதிரி தறியிலதான் உட்காரணும்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவன் அப்பா நாலு பேரோடு வந்து சத்தம் போட்டார். எச்.எம். சார் என்னை ஒரு வார்த்தை விசாரிக்காமல், எல்லோர் எதிரிலும் "மன்னிப்பு கேட்டுடுங்க டீச்சர்" என்றார். கேட்டேன். இப்போது எழுத்தில் விளக்கம் கொடு என்று தினமும் வாயால் கேட்கிறார். பாடக்குறிப்பு, மெல்லக் கற்போர் பதிவேடு, எமிஸ், வாட்ஸ்அப்பில் கேட்கும் எக்செல் என்று இரவு பதினொரு மணிவரை எழுதிக்கொண்டே இருக்கிறேன். தூக்கம் போய்விட்டது. விளக்கத்தில் என்ன எழுதுவது? மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடலாமா?

பதில்: வணக்கம் டீச்சர். விளக்கத்தை முதலில் முடித்துவிடுவோம். அது கையில் இருக்கும்வரை மற்ற எதையும் உங்களால் யோசிக்க முடியாது.

வாயால் கேட்கும் விளக்கம் வேறு, எழுத்தில் வரும் மெமோ வேறு, ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி வரும் 17ஏ, 17பி வேறு. நம் ஆசிரியர்கள் மூன்றையும் ஒன்றாக நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். 17ஏ என்பது கண்டிப்பு, ஊதிய உயர்வை நிறுத்திவைப்பது போன்ற சிறு தண்டனைகளுக்கான வழி. 17பி என்றால் குற்றச்சாட்டுகளை வரிசையாக எழுதித் தந்து, விசாரணை அலுவலர் போட்டு, நீங்கள் எதிர்வாதம் சொல்ல இடம் கொடுத்து நடத்துவது. இரண்டும் எழுத்தில்தான் வரும், இந்த விதியின்படி என்று அதிலேயே போட்டிருக்கும். உங்களிடம் கேட்டிருப்பது இரண்டும் இல்லை. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், நாளை மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்தால் கோப்பில் காட்ட ஒரு தாள் வேண்டும் என்று தலைமையாசிரியர் வாங்கி வைத்துக்கொள்வார். ஆனாலும் அந்தத் தாள் கோப்பில் இருக்கும். அதனால் பதற்றத்தில் எழுதித் தரக்கூடாது.

எதற்கு விளக்கம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "பெற்றோர் எழுத்தில் புகார் தந்திருந்தால் நகல் கொடுங்க சார், அதுக்குப் பதிலா எழுதித் தர்றேன்" என்று அமைதியாகச் சொல்லலாம். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. புகாரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எழுதினால், கேட்காத கேள்விக்கெல்லாம் நீங்களே பதில் சொல்லி மாட்டிக்கொள்வீர்கள். எழுத்தில் புகாரே இல்லை என்றால், கடிதத்தின் முதல் வரியில் "தாங்கள் இன்ன தேதியில் வாய்மொழியாகக் கேட்டபடி" என்று தொடங்குங்கள்.

அடுத்தது உள்ளடக்கம். இங்கே உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு நியாயம் கிடையாது. அதைத் "திட்டினேன்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒருவனுடைய அப்பாவின் தொழிலை இறக்கிப் பேசினீர்கள். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பில் அவன் ஒருவனாக மட்டும் இருக்க மாட்டான். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது. அந்தச் சட்டம் பதினான்கு வயதுவரைக்குத்தானே, இவன் பத்தாம் வகுப்பு ஆயிற்றே என்று யாராவது சக ஆசிரியர் யோசனை சொல்லியிருந்தால், தயவுசெய்து அதைக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். வயதைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறார் என்றுதான் மேலே இருப்பவர்கள் வாசிப்பார்கள்.

ஆகவே அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். "என் நடத்தைக்கு முழுமையாக மன்னிப்புக் கோருகிறேன், இனி இப்படி நடந்துகொள்ள மாட்டேன்" என்று பொத்தாம்பொதுவாக எழுதித் தருவதுதான் பலர் செய்வது. அந்தத் தாளை இரண்டு வருடம் கழித்து எடுத்துப் படிப்பவர், நீங்கள் பையனை அடித்ததாகக்கூட நினைத்துக்கொள்ளலாம். அதில் மறுக்க எதுவுமே இருக்காது. நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

"கடந்த செவ்வாய்க்கிழமை நான்காம் பாடவேளையில் பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மேற்படி மாணவர் காலாண்டுத் தேர்வுக்குப் பின் இத்தனை நாள் வரவில்லை (வருகைப் பதிவேட்டின்படி). அது குறித்துக் கேட்கும்போது, அவருடைய தந்தையின் தொழிலைக் குறிப்பிட்டு ஒரு வாக்கியம் சொன்னேன். அது சொல்லத் தகாதது. அதற்காகத் தந்தையிடம் மறுநாளே தங்கள் முன்னிலையில் வருத்தம் தெரிவித்துவிட்டேன். மாணவரை அடிக்கவோ, வகுப்பைவிட்டு வெளியேற்றவோ இல்லை. மறுநாள் முற்பகலில் தந்தையுடன் மேலும் நால்வர் பள்ளிக்குள் வந்து உரத்த குரலில் பேசியபோது தாங்களும் ஆசிரியர்களும் உடனிருந்தீர்கள். மாணவரின் வருகையையும் மதிப்பெண்ணையும் சீராக்கப் பெற்றோருடன் பேசத் தங்கள் அனுமதியைக் கோருகிறேன்."

அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். உங்களை அவர் தாங்கிப் பேசவில்லை என்ற ஆதங்கம் இதில் ஒரு வரிகூட வரக்கூடாது. நால்வர் வந்தார்கள், நீங்கள் உடனிருந்தீர்கள் என்ற வரி அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதற்குத் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், ஒப்புகையுடன் தபாலில் பள்ளி முகவரிக்கே அனுப்புங்கள். அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

இனி பையன். நீங்கள் எனக்கு எழுதியதில் அவன் ஏன் வரவில்லை என்பது இல்லை. வருகைப் பதிவேட்டை எடுத்து அவனுடைய வரியை மட்டும் ஜூனிலிருந்து பாருங்கள். ஒவ்வொரு திங்களும் வரவில்லை என்றால் அது ஒரு கதை. உதிரியாக, இன்று இல்லை நாளை உண்டு என்று போனால் வேறு கதை. சில வாரங்களுக்கு ஒரு முறை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் விழுந்தால், தறிக்கார வீட்டில் அது பெரும்பாலும் புதுப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், ஏற்றும் நாளாக இருக்கும். பழைய பாவு முடிந்ததும் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அன்று வீட்டில் ஒரு கை குறைந்தாலும் தறி நிற்கும், தறி நின்றால் அந்த வாரக் கூலி போகும். அப்படி இருந்தால் "ஒழுங்கா அனுப்புங்க" என்று அப்பாவிடம் சொல்லிப் பயனில்லை. "பாவு பிணைக்கிற அன்னிக்கு முதல் நாளே ஒரு போன் பண்ணிடுங்க, அன்னிக்கு நடத்துறதை மறுநாள் சாயங்காலம் தனியா சொல்லித் தர்றேன், மத்த நாள் ஒரு நாள்கூடத் தப்பக் கூடாது" என்று பேரம் பேச வேண்டும். நீங்கள் அவருடைய தொழிலைத் தெரிந்து பேசுகிறீர்கள் என்று தெரிந்தாலே அவருடைய கோபத்தில் பாதி இறங்கிவிடும்.

அவரைப் பள்ளிக்கு வரச்சொல்லிக் கூப்பிடாதீர்கள், நீங்கள் தனியாக அவர் வீட்டுக்கும் போகாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே அதிகம், அதிலும் பெண்கள் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. அதில் அந்தத் தெருவைச் சேர்ந்த ஓர் அம்மா நிச்சயம் இருப்பார். அவரையும் வகுப்பாசிரியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கையில் அவனுடைய காலாண்டு விடைத்தாள் இருக்கட்டும்.

விடைத்தாளை எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்பாவிடம் காட்டுவதற்கு அதில்தான் நல்ல செய்தி இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் உங்களுக்கு மனப்பாடம். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண்ணில் 10 எழுதினால் 20, ஐந்து மதிப்பெண்ணில் 10 எழுதினால் 50, கடைசியில் செய்முறை வடிவியலும் வரைபடமும் எட்டெட்டாக 16. தேர்ச்சிக்கு 35 வேண்டும். அடிக்கடி விடுப்பு எடுக்கிற பையனுக்கு ஐந்து மதிப்பெண் பகுதிதான் எட்டாது, ஏனென்றால் அது தொடர்ந்து வகுப்பில் உட்கார்ந்தவனுக்கு உரியது. ஆனால் வடிவியலும் வரைபடமும் தனித்தனியாகக் கற்றுக்கொள்ளக் கூடியவை, முந்தைய பாடம் தெரியாமலே கை பழகும். அவனுடைய 22 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள். வடிவியலிலும் வரைபடத்திலும் சேர்த்து 4தான் வாங்கியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அதை 13 ஆக்க முடியும். ஒரு மதிப்பெண்ணில் 9, இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து கேள்வி சரியாக வந்தால் 10, ஐந்து மதிப்பெண்ணில் ஒன்றே ஒன்று முழுதாக வந்தால் 5. ஆக 37. இதை ஒரு சீட்டில் எழுதி அப்பாவிடம் காட்டுங்கள். "உங்க பையன் பாஸ் பண்ணுவான், இந்த நாலு இடத்துல வேலை செய்யணும்" என்று சொல்லும் டீச்சரிடம் யாரும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வர மாட்டார்கள். வந்தாலும் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இந்த முறையில் எட்டாத பிள்ளைகளும் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். கழித்தல் குறி எங்கே போடுவது, பின்னத்தை எப்படிக் கூட்டுவது என்பதே தெரியாதவனுக்கு வரைபடத்தின் அட்டவணையே தப்பாக வரும், புள்ளி வைத்துக் கோடு போட்டாலும் மார்க் வராது. அவனுக்கு முதலில் இரண்டு வாரம் கூட்டல், கழித்தல், குறியீடுதான். விடைத்தாளில் வரைபடம் அழகாகவும் அட்டவணை தப்பாகவும் இருந்தால் அந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம்.

இப்போது பதிவேடுகள். இவ்வளவு தாள் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எதைச் செய்வது, எதை ஒதுக்குவது என்று தெரியும். 2024இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலில் வேலூர் மாவட்டம்தான் கடைசி. அதற்கு முன்பும் நாம் மேலே இருந்ததில்லை. அதனால் ஒவ்வொரு ஆய்வுக் கூட்டத்திலும் ஒவ்வொரு தலைமையாசிரியரையும் எழுப்பி, பாடவாரியாகக் கேட்கிறார்கள். உங்கள் எச்.எம். அங்கே எழுந்து நின்று சொல்வதற்கு ஏதாவது வேண்டும். பாடம் புரிந்ததா என்பதைக் காட்ட முடியாது, பதிவேட்டைக் காட்ட முடியும். அவர் உங்களிடம் கேட்கும் தாள்களில் பெரும்பகுதி அந்தக் கூட்டத்துக்கான கவசம். நீங்கள் சத்தத்தின் நடுவில் நின்றபோது அவர் உங்கள் பக்கம் நிற்காததற்கும் இதுதான் காரணமாக இருக்கும்: புகார் மேலே போய்விட்டால் அடுத்த கூட்டத்தில் அதுவும் சேரும். இதைச் சொல்வது அவரை நியாயப்படுத்த அல்ல. பெற்றோர் கூட்டமாக வந்தால் அவர்களை அறையில் உட்கார வைத்து, ஆசிரியரைத் தனியே கேட்டுவிட்டு அப்புறம் பேசுவதுதான் தலைமையாசிரியரின் வேலை. அதை அவர் செய்யவில்லை.

தாள்களில் சில உங்களைக் காப்பவை, மீதி வெறும் தாள். காப்பவை மூன்றே மூன்று என்பது என் அனுபவம். அன்றன்றைக்குக் குறித்த வருகைப் பதிவேடு, திருத்திய விடைத்தாளோடு ஒத்துப்போகும் மதிப்பெண் பதிவேடு, பெற்றோரைச் சந்தித்ததற்கு அவர்கள் கையெழுத்தோடு இருக்கும் குறிப்பு. என்ன புகார் வந்தாலும் விசாரிக்க வருகிறவர் இவற்றைத்தான் புரட்டுவார். இந்த மூன்றில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது, பின்தேதி போட்டு எழுதக் கூடாது. ஒரே பேனாவில், ஒரே சாய்வில், மூன்று மாதத்துக்கும் ஒரே மூச்சில் எழுதிய பதிவேடு பார்த்தவுடனே தெரிந்துவிடும். அது இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

மூன்றாவதுதான் பலரிடம் இல்லாதது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, யார் வந்தார், என்ன பேசினோம், என்ன முடிவு, கையெழுத்து. அந்த நாலு பேர் வந்த அன்றைக்கும் ஒரு குறிப்பு எழுதுங்கள். அதில் கையெழுத்து இருக்காது, பரவாயில்லை, உடனிருந்த ஆசிரியர் ஒருவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மெல்லக் கற்போர் பதிவேட்டை நீங்கள் பிள்ளைக்கு நான்கு பக்கம் என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மேலே சொன்ன 37 மார்க் சீட்டையே பிள்ளைக்கு ஒரு பக்கமாக ஒட்டிவிடுங்கள். இப்போது எந்தப் பகுதியில் எவ்வளவு, இலக்கு எவ்வளவு, வாரம் ஒரு சிறு தேர்வில் என்ன வந்தது. ஆய்வுக்கு வருகிறவருக்கு இது நான்கு பக்கத்தைவிட நன்றாகப் புரியும், எச்.எம்.முக்குக் கூட்டத்தில் சொல்லவும் வரும். பாடக்குறிப்பை வாரம் ஒரு முறை உட்கார்ந்து எழுதுங்கள். போன வருடத்துக் குறிப்பைப் பார்த்து எழுதுவதில் தப்பு இல்லை, இந்த வருடம் எங்கே பிள்ளைகள் தடுமாறினார்கள் என்று இரண்டு வரி புதிதாகச் சேர்த்தால் போதும்.

வாட்ஸ்அப் எக்செல்தான் உண்மையான தொல்லை. எமிஸில் ஏற்கெனவே ஏற்றிய அதே எண்ணிக்கையை வேறு கட்டம் போட்டு, "இன்று மாலை 4 மணிக்குள்" என்று கேட்பார்கள். இரண்டு வாரம் மட்டும், உங்களிடம் கேட்கப்படும் ஒவ்வொரு விவரத்தையும் ஒரு தாளில் குறியுங்கள். என்ன கேட்டார்கள், எந்த அலுவலகம் கேட்டது, அது எமிஸில் இருக்கிறதா, செய்ய எவ்வளவு நேரம் ஆனது. பிறகு மற்ற இரண்டு மூன்று ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டு அந்தத் தாளோடு எச்.எம்.மைப் பாருங்கள். "வேலை அதிகம் சார்" என்றால் எல்லோருக்கும்தான் என்பார். "இதுல இந்த ஆறும் எமிஸ்லயே இருக்கு சார், ஒருத்தர் இறக்கி எடுத்தா போதும். பத்தாம் வகுப்பு எடுக்கிறவங்களுக்கு ஜனவரியிலிருந்து இதை விட்டுட்டு, ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் முறை வச்சுச் செய்யலாமா" என்றால் அவரால் தலையாட்ட முடியும். அவருக்கும் தேர்ச்சி வேண்டும், அந்தக் கயிற்றைத்தான் நீங்கள் பிடித்து இழுக்கிறீர்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவைச் சொல்லி மறுக்கலாமா என்று யாராவது சொல்லக்கூடும். ஆசிரியரைக் கல்வி சாராத பணியில் போடக் கூடாது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி மட்டும் விலக்கு என்கிறது அது. ஆனால் எமிஸ் கல்வி சார்ந்ததுதானே என்று ஒரே வரியில் உங்களை உட்கார வைத்துவிடுவார்கள். அந்தப் பிரிவைத் தனி ஆளாக எச்.எம். அறையில் எடுக்க வேண்டாம். அது சங்கங்கள் பேச வேண்டிய இடம்.

எச்.எம்.மிடம் தனியாக ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள், விளக்கக் கடிதம் கொடுத்து ஒரு வாரம் போன பிறகு, பள்ளி விட்டபின். "இனி யார் வந்தாலும் முதல்ல என்னை உங்க ரூமுக்குக் கூப்பிட்டு ரெண்டு நிமிஷம் கேளுங்க சார், தப்பு என்னோடதா இருந்தா நானே சொல்லிடுறேன்." அவர் சரி என்றால் போதும். மறுபடியும் அதேபோல் எல்லோர் எதிரிலும் நிறுத்தினால், அன்றே நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி அவரிடமே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மூன்றாவது முறையும் நடந்தால் அந்த நகல்களோடு மாவட்டக் கல்வி அலுவலரிடம் (இடைநிலை) போகலாம். தலைமையாசிரியர் வழியாக என்று எழுதி, ஒரு முன்நகலை நேரடியாக அனுப்புவதுதான் முறை. எடுத்த எடுப்பில் மேலே போனால், அவரைத் தாண்டி வந்துவிட்டீர்கள் என்பதுதான் பேச்சாகும், நடந்தது பின்னால் போய்விடும்.

தூக்கத்தைப் பற்றி இரண்டே சொல் எழுதியிருக்கிறீர்கள். படுத்தும் தூக்கம் வராமல், அல்லது மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள். காலையில் பள்ளி வாசலைப் பார்த்ததும் நெஞ்சு படபடப்பதும், பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுவதும் அதில் சேர்ந்தவை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. போக யோசனையாக இருந்தால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அன்றைக்கு அந்தப் பையனிடம் வந்த வார்த்தையும் தூங்காத ஒரு ராத்திரிக்குப் பிறகு வந்ததுதானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மாறுதலுக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம், ஆனால் கதவை மூடவும் வேண்டாம். பொது மாறுதல் கலந்தாய்வு எப்படியும் பொதுத்தேர்வு முடிந்த பிறகுதான் வரும், விண்ணப்பமும் எமிஸ் வழியாகத்தான். உங்கள் எமிஸ் விவரத்தில் பணியில் சேர்ந்த தேதியும் இப்போதைய பள்ளியில் சேர்ந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் திருத்தப் போனால் நடக்காது. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கே.வி.குப்பத்துக்குப் போனாலும் பேரணாம்பட்டுக்குப் போனாலும் அதே ஆய்வுக் கூட்டம், அதே எக்செல். மாறப்போவது எச்.எம். மட்டும்தான். மேலே சொன்ன வேண்டுகோளுக்குப் பிறகும் அவர் மாறவில்லை என்றால், அந்த ஒரு காரணமே விண்ணப்பிக்கப் போதுமானது.